வட்டப் புல்வெளியைச் சுற்றி நடைபாதை: மூன்று கொட்டேஷன், மூன்று அளவு... எது சரி?

தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுவில் வட்டமான திறந்தவெளி. அதன் நட்டநடுவில் பெரிய வேப்பமரம், மரத்தைச் சுற்றி மேடை, மேடையைச் சுற்றிப் புல்வெளி. காலையில் வாக்கிங் போகிறவர்கள் புல்லை மிதித்து மிதித்து ஓரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. 'ஓரத்தில் 4 அடி அகலத்துக்கு பேவர் பிளாக் போட்டுவிடலாம்' என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது.

அளவு எளிமையானதுதான். திறந்தவெளியின் மொத்தக் குறுக்களவு, அதாவது விட்டம், 40 அடி. அந்த வட்டத்தின் உள்பக்கமாக 4 அடி அகலப் பாதை. மீதி புல்வெளி. சதுர அடிக்கு, கல்லும் கூலியும் சேர்த்து, 100 ரூபாய் என்று எல்லோரிடமும் ஒரே ரேட் பேசியாயிற்று. அப்படியானால் மூன்று பேரின் கொட்டேஷனும் ஒரே தொகையாகத்தானே வரவேண்டும்?

வரவில்லை. முதல் மேஸ்திரி 502 சதுர அடி என்று எழுதி 50,200 ரூபாய் கேட்டார். இரண்டாமவர் 452 சதுர அடி, 45,200 ரூபாய். மூன்றாமவர் 239 சதுர அடிதான் என்று 23,900 ரூபாய்க்குக் கொடுத்தார். செயலாளருக்கு வாயெல்லாம் பல். "பாதி விலைக்கு வருது சார், இவருக்கே கொடுத்துடலாம்" என்றார்.

மூன்றாவது மாடியில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் தாத்தா கணக்கைக் கொடுத்துப் பார்த்தார். அவள் ஒரே நிமிடத்தில் போட்டு முடித்தாள். "50 சதுர அடிதான் தாத்தா!"

ஒரே பாதைக்கு 502, 452, 239, 50 என நான்கு அளவுகள். இதில் ஒன்றுதான் சரி. ஆனால் மற்ற மூன்றும் சும்மா வாய்க்கு வந்த எண்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வழுக்கி விழுந்ததால் வந்தது. எண்ணைப் பார்த்தே 'இவர் இங்கேதான் வழுக்கினார்' என்று சொல்லிவிடலாம்.

முதலில் சரியான கணக்கு

கணக்குப் புத்தகம் இந்தப் பாதையை 'வட்ட வளையம்' என்கிறது. ஒரே மையத்தில் பெரியதும் சின்னதுமாக இரண்டு வட்டங்கள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடம்தான் வளையம். வளையல், வாஷர், நடுவில் ஓட்டை போட்ட மெதுவடை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

தோசைக்கல் நிறையத் தோசை வார்த்து, நடுவில் ஒரு கிண்ணத்தை அமுக்கி வட்டமாக எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வளையம். ஆகவே பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து சின்ன வட்டத்தின் பரப்பைக் கழித்தால் போதும். ஒரு வட்டத்தின் பரப்பு என்பது ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்கி, அதை 3.14 ஆல் பெருக்குவது.

வெளிவட்டத்தின் விட்டம் 40 அடி என்றால் ஆரம் 20 அடி. பாதை 4 அடி அகலம் என்பதால் உள்ளே இருக்கும் புல்வெளியின் ஆரம் 16 அடி. இருபதை இருபதால் பெருக்கினால் 400, அதை 3.14 ஆல் பெருக்கினால் 1,256. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256, அதை 3.14 ஆல் பெருக்கினால் 803.84. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 452.16 சதுர அடி.

ஆக, இரண்டாவது மேஸ்திரி சொன்னதுதான் சரி. பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக, வெளி ஆரத்தை R என்றும் உள் ஆரத்தை r என்றும் வைத்தால் இதுதான் சூத்திரம்:

π × (R² − r²)

239 எங்கிருந்து வந்தது?

மலிவு விலை கொடுத்தவரின் கணக்கை முதலில் பார்ப்போம். பணம் கொட்டும் ஆபத்து அதிகமாக இருப்பது இங்கேதான்.

அவர் செய்தது இது: மொத்த விட்டம் 40 அடி, பாதை 4 அடி, ஆகவே புல்வெளியின் விட்டம் 36 அடி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நேராக நடந்து பாருங்கள். போகும்போது ஒருமுறை பாதையைத் தாண்டுவீர்கள். புல்வெளியைக் கடந்த பிறகு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு முறை பாதையைத் தாண்டுவீர்கள். விட்டத்தில் பாதையின் அகலம் இரண்டு தடவை வருகிறது. 40 அடியில் 8 அடியைக் கழிக்க வேண்டும். புல்வெளியின் விட்டம் 32 அடிதான்.

அவர் 36 என்று வைத்துக்கொண்டதால் புல்வெளியின் ஆரம் 18 அடி ஆகிவிட்டது. அதாவது அவருடைய தாளில் பாதையின் அகலம் 2 அடி மட்டுமே. 400-இலிருந்து 324-ஐக் கழித்து 3.14 ஆல் பெருக்கினால் 238.64. அதுதான் 239.

இதை நம்பி வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? 239 சதுர அடிக்கான கல் வந்து இறங்கும். ஏறக்குறைய பாதி வட்டத்திலேயே கல் தீர்ந்துபோகும். மண் தோண்டி, எம்-சாண்ட் கொட்டி, ஒரு பக்கம் போட்டு முடித்திருக்கும் நிலையில் யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள். "அளவு கூடிடுச்சு சார், எக்ஸ்ட்ரா வேலை" என்று இன்னொரு பில் வரும். அந்த நேரத்தில் பழைய ரேட்டுக்கே போட்டுத் தருவார் என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே இப்படிக் குறைத்துக் காட்டுகிறவர்களும் இருக்கலாம், தெரியாமல் செய்கிறவர்களும் இருக்கலாம். கொட்டேஷனில் இருக்கும் எண் இரண்டு வகையினரிடமும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், நாம் பார்க்க வேண்டியது எண்ணைத்தான்.

502-ம் 50-ம்: ஓர் ஆச்சரியம்

முதல் மேஸ்திரி டேப்பை எடுத்து வெளி ஓரத்தைச் சுற்றிலும் அளந்தார். 125 அடி 7 அங்குலம், அதாவது சுமார் 125.6 அடி. அதை 4 அடி அகலத்தால் பெருக்கினார். 502.4 சதுர அடி.

இது முழுத் தப்பு இல்லை. பாதையை ஒரு நீள நாடாவாக நினைத்து நிமிர்த்தி வைக்கிறார். சிக்கல் என்னவென்றால் இந்த நாடாவின் இரண்டு ஓரமும் ஒரே நீளம் இல்லை. வெளி ஓரம் 125.6 அடி. புல்வெளியை ஒட்டிய உள் ஓரம் 100.5 அடிதான். நிமிர்த்தினால் உள் ஓரம் 25 அடி போதாமல் நிற்கும். இல்லாத இடத்துக்கும் சேர்த்து அவர் காசு கேட்கிறார். அதுவே உள் ஓரத்தை மட்டும் அளந்து பெருக்கியிருந்தால் 402 சதுர அடி என்று குறைவாக வந்திருக்கும்.

சரி, இரண்டுக்கும் நடுவில் அளந்தால்? பாதையின் நட்டநடுக் கோட்டில், அதாவது மையத்திலிருந்து 18 அடி தூரத்தில், ஒரு சுற்று நடந்தால் 113.04 அடி. அதை 4 ஆல் பெருக்குங்கள். 452.16. கழித்தல் கணக்கில் வந்த அதே விடை, புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் உட்பட!

இது ஏதோ தோராயமாக ஒத்துப்போனது அல்ல. எந்த வட்டப் பாதைக்கும் நடுக்கோட்டு நீளத்தை அகலத்தால் பெருக்கினால் துல்லியமான பரப்பு கிடைக்கும். R² − r² என்பதை (R + r) × (R − r) என்று பிரிக்கலாம் என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் மனப்பாடம் செய்தோமே, அதுவேதான் இது. R − r என்பது பாதையின் அகலம். 3.14 × (R + r) என்பது நடுக்கோட்டின் நீளம். 'இந்த அல்ஜீப்ரா எல்லாம் எங்கே உதவும்' என்று கேட்டவர்கள் இந்த நடுக்கோட்டில் ஒரு சுற்று நடந்து வரலாம்.

இப்போது எட்டாம் வகுப்புப் பெண்ணின் 50. அவள் ஆரங்களை முதலில் கழித்தாள்: 20-இல் 16 போனால் 4. பிறகு நான்கை நான்கால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கினாள். 50.24. இந்தப் பாடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். தனித்தனியாக வர்க்கம் எடுத்துவிட்டுக் கழிப்பதும், கழித்துவிட்டு வர்க்கம் எடுப்பதும் ஒன்று என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. அவள் கண்டுபிடித்தது பாதையின் பரப்பை அல்ல. 4 அடி ஆரம் உள்ள ஒரு குட்டி வட்டத்தின் பரப்பை.

ஆனால் அந்தத் தப்பான எண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதல் மேஸ்திரி சொன்ன 502.4-இலிருந்து சரியான 452.16-ஐக் கழித்துப் பாருங்கள். 50.24! மேஸ்திரி எவ்வளவு கூடுதலாகக் கேட்டார் என்பதைத்தான் அந்தப் பெண் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். உள் ஓரத்தை மட்டும் அளந்தால் வரும் 401.92 எவ்வளவு குறைவு? அதுவும் 50.24.

வெளி ஓரத்தை அளந்து பெருக்கினால், பாதையின் அகலத்தை ஆரமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் அளவுக்குக் கூடுதலாக வரும். எப்போதும் அப்படித்தான். மைதானம் பெரியதா சின்னதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 200 அடி விட்டமுள்ள பெரிய பூங்காவில் 4 அடிப் பாதை போட்டாலும் கூடுதல் 50 சதுர அடிதான். அங்கே மொத்தப் பரப்பு சுமார் 2,462 சதுர அடி என்பதால் நூற்றுக்கு இரண்டு பங்கு. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு சின்னத் தென்னைப் பாத்தியைச் சுற்றி 4 அடிக்குக் கல் போடும்போது கதை வேறு. பாத்தியின் ஆரம் 2 அடி, கல் போட்ட பிறகு 6 அடி. உண்மையான பரப்பு 100 சதுர அடி. வெளிச்சுற்றை அளந்து பெருக்கினால் 150 வரும். ஒன்றரை மடங்கு பில்!

ஆகவே வட்டம் சிறியதாகவும் பாதை அகலமாகவும் இருக்கும் இடத்தில்தான் வெளிச்சுற்றுக் கணக்கு பையைக் கடிக்கும். கிணற்றைச் சுற்றிய தளம், நீரூற்றைச் சுற்றிய டைல்ஸ், மரத்தடி மேடை எல்லாம் இந்த வகை.

2,000 ஆண்டுகளுக்கு முந்தைய வளைய வயல்

நடுக்கோட்டு வழி புதிதல்ல. சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட, 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்று அறியப்படும் நூலின் முதல் அத்தியாயமே நிலம் அளப்பதுதான். அதில் வளைய வடிவ வயலுக்கும் ஒரு கணக்கு உண்டு. உள்சுற்று 92 பூ, வெளிச்சுற்று 122 பூ, அகலம் 5 பூ. 'பூ' என்பது அவர்களுடைய நில அளவு. வழி: இரண்டு சுற்றையும் கூட்டு, பாதியாக்கு, அகலத்தால் பெருக்கு. கூட்டினால் 214, பாதி 107, ஐந்தால் பெருக்கினால் 535 சதுர பூ.

வழி சரி. ஆனால் கொடுத்த அளவுகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெளிச்சுற்றுக்கும் உள்சுற்றுக்கும் வித்தியாசம் 30. உண்மையான வட்டங்களாக இருந்தால் அகலம் 30-ஐ 6.28 ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 4.8. நூல் 5 என்கிறது. விட்டத்தைப் போல மூன்று மடங்குதான் சுற்றளவு என்று எடுத்துக்கொண்டு கணக்கை அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் முழு எண்ணாக 5 வந்தது.

நம் பக்கத்துக் கணக்கதிகாரத்தில் முழு வட்டத்துக்கான வழி இருக்கிறது: சுற்றில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. யோசித்தால் இதுவும் நம் நடுக்கோட்டு வழியேதான். உள்ளே இருக்கும் வட்டம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகிவிட்டால் உள்சுற்று பூஜ்ஜியம். இரண்டு சுற்றின் சராசரி என்பது வெளிச்சுற்றில் பாதி. அகலம் என்பது ஆரம், அதாவது விட்டத்தில் பாதி.

மரம் நடுவில் நின்றால் எப்படி அளப்பது?

வேப்பமரத்துக்குத் திரும்புவோம். 'ஆரம் 20 அடி' என்று எழுதுவது எளிது. நிஜத்தில் மையத்தில் மரம் நிற்கிறது. டேப்பின் முனையை எங்கே வைப்பது? விட்டத்தை அளக்கவும் மரம் குறுக்கே. பாதையும் ஏற்கெனவே போட்டாயிற்று, 'நீங்கள் பில் போட்ட பரப்பு சரிதானா' என்று பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ஒரே ஒரு நீளத்தை அளந்தால் போதும். ஆரமும் வேண்டாம், மையமும் வேண்டாம், பாதையின் அகலம்கூட வேண்டாம்.

ஒருவர் டேப்பின் முனையைப் பாதையின் வெளி ஓரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் டேப்பை நேராக இழுத்து, அது புல்வெளியின் ஓரத்தை ஒரே ஓர் இடத்தில் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போகும்படி செய்து, எதிரே மறுபடி வெளி ஓரத்தைச் சந்திக்கும் இடத்தில் அளவைப் பார்க்க வேண்டும். டேப் முழுக்கப் பாதையின் மேலேயே கிடக்கும். நம் குடியிருப்பில் இந்த நீளம் சரியாக 24 அடி. அதில் பாதி 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. அதை 3.14 ஆல் பெருக்கினால் 452.16.

ஏன் இப்படி வருகிறது? டேப் புல்லைத் தொடும் இடத்திலிருந்து மையத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அது உள் ஆரம், 16 அடி. அந்தக் கோடும் டேப்பும் செங்கோணத்தில் நிற்கும். டேப்பின் முனையிலிருந்து மையத்துக்கு இன்னொரு கோடு. அது வெளி ஆரம், 20 அடி. ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. பிதாகரஸ் சொன்னபடி 400-இல் 256 போனால் மீதி இருப்பது டேப்பின் பாதி நீளத்தின் வர்க்கம், 144. நமக்கு வேண்டிய கழித்தலை டேப்பே செய்து முடித்துவிட்டது.

ஆர்மீனியாவைச் சேர்ந்த மாமிகான் மநாட்சகானியன் 1959-இல், மாணவராக இருந்தபோது, இதை முக்கோணமே இல்லாமல் பார்த்தார். புல்வெளியின் ஓரத்தை ஒட்டி ஒரு 12 அடிக் குச்சியை வைத்து, அதன் ஒரு முனை புல் ஓரத்தைத் தொட்டபடியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மறு முனை வெளி வட்டத்தை வரையும். குச்சி கடந்துபோகும் இடம் முழுவதும்தான் வளையம். இப்போது குச்சியின் அந்தந்த நிலைகளை எல்லாம் அதே திசையில் வைத்தபடி, தொடும் முனைகளை மட்டும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தால், விசிறி விரிவதுபோல 12 அடி ஆரமுள்ள ஒரு முழு வட்டம் கிடைக்கும். இரண்டு பரப்பும் ஒன்றே.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டேப் புல் ஓரத்தைத் தொட்டே ஆக வேண்டும். அது 3 அங்குலம் தள்ளிப் போனால்கூட விடை 427 சதுர அடியாக இறங்கிவிடும். 25 சதுர அடி காணாமல் போகும். 'கிட்டத்தட்ட தொடுகிறது' என்பது இங்கே செல்லாது.

அதனால் புல் ஓரத்தில் ஒரு ஆணியை அடித்துக்கொள்ளுங்கள். டேப் அந்த ஆணியைத் தொட்டுக்கொண்டு போகட்டும். ஆணியிலிருந்து இரண்டு பக்கமும் வெளி ஓரம் வரை தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் டேப் சரியாக உரசுகிறது என்று அர்த்தம். சமமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நீளத்தையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். நம் மைதானத்தில் டேப் கொஞ்சம் சாய்ந்து, 5 அங்குலம் புல்லுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 9 அடி, மறு பக்கம் 16 அடி என்று வரும். பெருக்கினால் மறுபடியும் 144! ஆணி மட்டும் புல் ஓரத்தில் சரியாக இருந்தால் போதும். டேப் எந்தச் சாய்வில் போனாலும் பெருக்குத்தொகை மாறாது.

மாறாக, மொத்தம் 25 அடி, பாதி 12.5 என்று போட்டிருந்தால் 491 சதுர அடி என்று தவறாக வந்திருக்கும். ஆகவே இரண்டு துண்டாக அளப்பதே பத்திரம்.

24 அடி சொல்லும் இன்னொரு விஷயம்

டேப் நீளம் 24 அடி வரும் எல்லா வட்டப் பாதைகளுக்கும் பரப்பு ஒன்றுதான். 74 அடி விட்டமுள்ள ஒரு பெரிய மைதானத்தில் 2 அடி அகலத்துக்குப் பாதை போட்டாலும் அதே 452 சதுர அடிதான் (37-இன் வர்க்கம் 1,369, 35-இன் வர்க்கம் 1,225, வித்தியாசம் 144). ஒல்லியாக நீண்ட பாதையும், குட்டையான அகலப் பாதையும் ஒரே எண்ணிக்கைக் கல்லைச் சாப்பிடுகின்றன.

'அப்படியானால் செலவும் ஒன்றுதானே' என்று நினைத்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பேவர் பிளாக் கலையாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் கர்ப் கல் பதிப்பார்கள். அதற்குச் சதுர அடிக் கணக்கு கிடையாது. ரன்னிங் அடிக் கணக்கு. நம் 4 அடிப் பாதைக்கு வெளி ஓரம் 125.6 அடி, உள் ஓரம் 100.5 அடி, மொத்தம் 226 அடி. அந்த 2 அடிப் பாதைக்கு இரண்டு ஓரமும் சேர்ந்து 452 அடி. நேர் இரட்டிப்பு! பரப்பு ஒன்றாக இருக்கும்போது அகலத்தைப் பாதியாக்கினால் ஓரத்தின் நீளம் இரண்டு மடங்காகும். கொட்டேஷனில் கர்ப் கல் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, ஒரு ஓரத்துக்கா இரண்டு ஓரத்துக்கா என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வட்டம் கோணலாக இருந்தால்?

நிஜத் தோட்டத்தில் புல்வெளி நட்டநடுவில் அமைவது அபூர்வம். பாதை ஒரு பக்கம் 3 அடி, எதிர்ப்பக்கம் 5 அடி என்று இருக்கும். பயப்பட வேண்டாம். இரண்டும் சரியான வட்டங்களாக இருந்து, சின்னது முழுக்கப் பெரியதற்குள் இருந்தால், அது எந்தப் பக்கம் தள்ளியிருந்தாலும் கழித்தல் கணக்கு மாறாது. தோசையில் கிண்ணத்தை ஓரமாக அமுக்கினாலும் எடுத்த துண்டு அதே அளவுதானே! மிகக் குறைந்த அகலத்தையும் மிக அதிகமான அகலத்தையும் அளந்து, கூட்டிப் பாதியாக்கினால் கணக்குக்கு வேண்டிய அகலம் கிடைத்துவிடும். 3-ம் 5-ம் சேர்ந்து 8, பாதி 4. ஆனால் டேப் வித்தை மட்டும் இங்கே எடுபடாது. அதற்கு இரண்டு வட்டத்துக்கும் மையம் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

புல்வெளி வட்டமாகவே இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் 3.14 எல்லாம் மறந்துவிடுங்கள். பாதையின் அகலம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும்வரை நடுக்கோட்டு வழி அங்கேயும் கைகொடுக்கும். பாதையின் நடுவில் ஒரு கயிற்றை வளைத்துப் போட்டு, அந்தக் கயிற்றை அளந்து, அகலத்தால் பெருக்கினால் தீர்ந்தது.

எந்தக் கொட்டேஷன் வந்தாலும் அரை நிமிடத்தில் சோதிக்க இது போதும்: வெளிச்சுற்றை அகலத்தால் பெருக்கினால் வருவது மேல் எல்லை, உள்சுற்றை அகலத்தால் பெருக்கினால் வருவது கீழ் எல்லை. நம் பாதைக்கு 502-ம் 402-ம். சரியான விடை இரண்டுக்கும் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். 239-ம் 50-ம் அந்த வேலிக்குள்ளேயே இல்லை.

கல் வாங்கும்போது மட்டும் 452-க்கு மேல் கொஞ்சம் சேர்க்க வேண்டும். சதுரக் கல்லை வட்ட ஓரத்தில் வைக்கும்போது வளைவுக்கு ஏற்ப வெட்டியாக வேண்டும். வெட்டிய துண்டு பெரும்பாலும் வீண்தான். ஓரம் எவ்வளவு வளைவாக இருக்கிறதோ, கல் எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்குச் சேதம் கூடும். நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் இந்தப் பாதைக்குச் சுமார் 500 சதுர அடிக் கல் இறங்க வேண்டும். "அதான் நான் 502-ன்னு போட்டேன்" என்று முதல் மேஸ்திரி சொல்லக்கூடும். அது வேறு, இது வேறு. இறக்கும் கல்லுக்குச் சேதாரம் சேர்க்கலாம். பதித்த கூலிக்கு, பதித்த பரப்பை, 452-ஐத்தான் அளந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கொட்டேஷனில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

பாதை போட்ட பிறகு வாக்கிங் போகிறவர்களுக்கு ஒரு தகவல். நடுக்கோட்டில் ஒரு சுற்று 113 அடி. 29 சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர். புல் ஓரமாகவே ஒட்டி நடக்கும் மாமா ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டரை அடி மிச்சம் பிடிக்கிறார். அவர் ஒரு கிலோமீட்டரை எட்ட 33 சுற்று நடந்தாக வேண்டும்.